தானம் பற்றி 90 விநாடி: மூன்று வரைவுகளில் எதைப் படமாக்குவது?

சுங்கை சிப்புட்டில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சின்னக் காணொளி எடுக்கப் போகிறோம். கொடுத்தல், தானம், தர்மம், ஸகாத், காணிக்கை என்று ஒவ்வொரு சமயத்திலும் ஒவ்வொரு பெயரில் இருக்கிற அந்த விஷயத்தைப் பற்றி 90 விநாடி, அவ்வளவுதான். நான் கோயில் பக்கம். ஒருவர் தேவாலயப் பாடகர் குழுவில் இருப்பவர், ஒருவர் மளிகைக் கடை பாய், நான்காவது ஆள் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. முதல் நாளே நாலு பேரும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்று: பார்க்கிறவர் மேல் எந்த நெருக்குதலும் விழக்கூடாது.

இதில் நான் ஏன் பிடிவாதம் பிடிக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் வளர்ந்த தோட்டத்தில் கோயில் காசைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள், அது போதாதென்று திருவிழாவுக்குத் தனியாக எழுத வேண்டும், எழுதியதை ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். அப்பா பால்மரம் வெட்டியவர், அடைமழை மாதத்தில் வெட்டு நாள் குறைந்தால் கையில் வருவதும் குறையும். அப்படி ஒரு வருடம் கிராணியின் 50 வெள்ளியை வாசித்த கையோடு எங்கள் அப்பாவின் 5 வெள்ளியை வாசித்தார்கள், அம்மா அன்னதானப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவர் எழுந்து லயத்துக்கு வந்துவிட்டார். அந்த 5 வெள்ளியைப் பற்றி எங்கள் வீட்டில் அப்புறம் யாரும் பேசவே இல்லை.

சரி, வரைவுகளுக்கு வருகிறேன். மூன்று எழுதினோம், மூன்றையும் என் கைப்பேசியில் குரலாகப் பதிவு செய்து, படம் எதுவும் இல்லாமல், ஆறு பேருக்குப் போட்டுக் காட்டினோம். கேட்டு முடித்ததும் எல்லாரிடமும் ஒரே கேள்விதான்: "இது உங்களை என்ன செய்யச் சொல்லுது?" பிடித்திருக்கிறதா என்று நாங்கள் கேட்கவில்லை, ஏனென்றால் நம் ஊரில் அப்படிக் கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் பதில் வரும்.

முதல் வரைவு, முகம். பழைய லயத்தில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி, அவருடைய அடுப்பு, அவருடைய மாத்திரைச் சீட்டு, நடுவில் ஒருவர் அரிசிப் பை கொண்டுவந்து கொடுக்கிறார், பாட்டி சிரிக்கிறார். பாடகர் குழு நண்பர்தான் எழுதினார், மனசார எழுதினார். ஆறு பேரில் ஐந்து பேர் கண் கலங்கினார்கள். என் சின்னம்மா பதிவு முடிவதற்குள்ளேயே கைப்பையைத் திறந்துவிட்டு, "எவ்வளவு தம்பி?" என்று கேட்டார். சின்னம்மா சித்தப்பாவின் பென்ஷனில் வாழ்கிறவர். அந்த ஒரு கேள்வியிலேயே முதல் வரைவு எனக்கு முடிந்துபோனது, ஆனால் ஏன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை, பிறகு நாங்கள் உட்கார்ந்து பேசித்தான் தெளிவானது.

எங்கள் ஊர் அளவு ஊரில் முகம் என்பது வெறும் முகம் இல்லை. அந்தப் பாட்டி யார், எந்த லயம், மகன் எங்கே போனான் என்பதெல்லாம் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும், காணொளி வாட்சாப்பில் இரண்டு நாள் சுற்றினால் அவர் சந்தைக்குப் போக முடியாது. நண்பர் ஒரு குறளைச் சொன்னார், "இன்னா திரக்கப் படுதல் இரந்தவர் இன்முகங் காணும் அளவு", அந்த இன்முகத்தைத்தானே நாம் காட்டுகிறோம் என்று. அதற்கு ஆசிரியை சொன்ன பதில் எனக்கு மறக்காது. அந்தக் குறளில் இன்முகம் காண்கிறவர் கொடுத்தவர் ஒருவர்தான், அய்யா, நாம் அதை ஊருக்கே காட்டுகிறோம். கேட்கப்படுவதே துன்பம் என்று தொடங்குகிற குறள் அது, நாமோ ஒரே நேரத்தில் ஆயிரம் பேரிடம் கேட்கிறோம் என்றார்.

பாய் சேர்த்துக்கொண்டது குர்ஆன் 2:264. சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் உங்கள் தர்மங்களைப் பாழாக்கிவிடாதீர்கள் என்பது அதன் கருத்து. அதே அத்தியாயத்தின் 271ஆம் வசனம் வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதுதான் என்கிறது, மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது அதைவிட நல்லது என்கிறது. ஆக வெளியே காட்டுவதற்குத் தடை இல்லை, வாங்கியவர் நோகிறாரா என்பதுதான் கேள்வி. எங்கள் பாட்டியிடம் போய் அனுமதி கேட்டிருந்தால் அவர் சரி என்றுதான் சொல்லியிருப்பார், அரிசி கொடுத்தவர்களிடம் எப்படி வேண்டாம் என்பது?

இரண்டாவது வரைவு, வசனம். இதை எழுதியது ஆசிரியையும் நானும். முகம் எதுவும் இல்லை, நான்கு சமயங்களிலிருந்து நான்கு மேற்கோள், ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி, முன்னும் பின்னும் ஐந்து ஐந்து விநாடி இசை. தாளில் பார்க்க மிக நியாயமாக இருந்தது. போட்டுக் காட்டினால் ஆறு பேரில் நாலு பேர் "கொடுக்கணும்னு சொல்லுது" என்றார்கள், ஒரு பையன் மட்டும் பள்ளிச் சபைகூடல் மாதிரி இருக்கு அங்கிள் என்றான். மேற்கோள்களை ஒன்றொன்றாகப் பார்த்தால் மென்மையானவைதான். வரிசையாக வந்தபோது நாலு பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவரைப் பார்த்துப் பேசுவது போல ஆகிவிட்டது.

அதைவிடப் பெரிய தவறு ஒன்றை அதில் நாங்கள் செய்திருந்தோம். நெருக்குதல் கூடாது என்கிற ஆசையில் கடைசி வரியாக "எந்தச் சமயமும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை" என்று எழுதியிருந்தோம். பாய் கேட்டுவிட்டு, இது உண்மை இல்லையே தம்பி என்றார். ஸகாத் இஸ்லாத்தின் ஐந்து தூண்களில் ஒன்று, விரும்பினால் செய்வது ஸதகா, இரண்டையும் ஒரே பானையில் போட்டுவிட்டீர்கள் என்றார். சேமிப்பு 85 கிராம் தங்கத்தின் மதிப்பை எட்டி, அது ஒரு சந்திர ஆண்டு முழுவதும் கையில் நின்றிருந்தால், அதில் 2.5 விழுக்காடு கொடுக்க வேண்டும். ஒரு லட்சம் வெள்ளி அப்படி நின்றிருந்தால் 2,500 வெள்ளி. அது கடமைதான், அதை அழகுக்காக மழுப்ப முடியாது, மழுப்பினால் தன் சமயத்தைத் தவறாகச் சொல்லிவிட்டார்கள் என்று ஒரு முஸ்லிம் பார்வையாளர் வருந்துவார்.

அப்படியானால் கட்டாயம் உள்ள ஒன்றைக் கட்டாயப்படுத்தாமல் எப்படிச் சொல்வது? இதில்தான் நாங்கள் ஒரு முழு மாலையைச் செலவழித்தோம், விடை பாயின் விளக்கத்திலேயே இருந்தது. கடமை யார் மேல் விழுகிறது என்று சொல்லும்போதே யார் மேல் விழவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 85 கிராம் என்கிற வரம்பைச் சொன்ன மாத்திரத்தில், அதற்குக் கீழே இருக்கும் ஒருவர் மூச்சு விட்டுக்கொள்கிறார், இது என்னைப் பற்றி இல்லை என்று அவருக்கே தெரிகிறது. வரம்பைச் சொல்லாமல் கடமை கடமை என்று மட்டும் சொன்னால் எல்லார் தலையிலும் பாரம் ஏறுகிறது, அதிலும் கையில் இல்லாதவர் தலையில்தான் அதிகமாக ஏறுகிறது.

இன்னொன்று, இது நம் மொழிக்கே உரிய சிக்கல். தமிழில் நெருக்குவதற்குக் "கொடுங்கள்" என்று சொல்லவே தேவையில்லை, ஒரு சின்ன இடைச்சொல் போதும். "ஒரு வெள்ளியாவது" என்பதில் இருக்கிற அந்த ஆவது, "ஒரு பிடி கூடவா இல்லை" என்பதில் இருக்கிற கூடவா, "கொடுக்கலாமே" என்பதன் ஏகாரம், "நம்மால் முடிந்தது தானே" என்பதன் தானே, இவை எல்லாம் கேட்கிறவரை மெல்ல மூலைக்குத் தள்ளுகின்றன. எங்கள் இரண்டாவது வரைவை எடுத்து இந்தச் சொற்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டபோது பதினோரு வட்டம் வந்தது, எழுதும்போது ஒன்றுகூட எங்களுக்கு உறைக்கவில்லை. "நாம்" என்பதும் அப்படித்தான், நட்பாகத் தெரியும், ஆனால் "நாம் கொடுக்கும்போது" என்று சொன்னால் கொடுக்காதவர் அந்த நாமுக்கு வெளியே நிற்கிறார். அதனால் விதி ஒன்று வைத்துக்கொண்டோம்: கதைசொல்லி யாரையும் நீங்கள் என்றோ நாம் என்றோ அழைக்கக் கூடாது, வினைச்சொற்கள் "கொடுக்கிறார்கள்", "எடுத்து வைப்பார்கள்", "வழக்கம்" என்கிற அளவிலேயே நிற்க வேண்டும். மேற்கோளுக்குள் வருவதை நாங்கள் தொடுவதில்லை, அது அந்த நூலின் குரல்.

மூன்றாவது வரைவு இந்த விதியோடு பிறந்தது. அதற்கு வழி காட்டியது அரிசி. நான்கு சமயத்தையும் நான்கு பெட்டியாக வைக்காமல் ஒரு பிடி அரிசியைப் பின்தொடர்ந்து போனால் என்ன என்று பாய்தான் கேட்டார், ஏனென்றால் நோன்புப் பெருநாளுக்கு முன் கொடுக்கிற பித்ராவின் அளவே கையால் அள்ளுகிற அளவுதான். நடுத்தர ஆளின் இரண்டு கையையும் சேர்த்து ஒரு முறை அள்ளினால் ஒரு முத்து, நான்கு முத்து ஒரு ஸாஉ. மலேசியாவில் அதைச் சுமார் 2.7 கிலோ அரிசி என்று கணக்கிட்டு, பெரும்பாலும் பணமாகவே கட்டுகிறார்கள், ஆனால் அளவின் வேர் அந்த இரண்டு உள்ளங்கைதான். இதைக் கேட்டதும் பாடகர் குழு நண்பர் தன் பாட்டி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனியே சேர்த்து ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குக் கொண்டுபோனதைச் சொன்னார். எனக்குத் திருமந்திரம் ஞாபகம் வந்தது. அப்புறம் எழுதுவதற்கு அரை மணி நேரம்தான் ஆனது.

குரல் வரிகள் மட்டும் இதோ, சுமார் எண்பது சொற்கள், நிதானமாக வாசித்தால் 90 விநாடிக்குச் சரியாக வருகிறது:

முதல் 12 விநாடி, அரிசிப் பானையும் ஒரு கையும். "உலை கொதிக்கிறது. அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனி டப்பாவில் போடுவது தமிழ் வீடுகள் பலவற்றில் இருந்த பழக்கம்."

32ஆம் விநாடி வரை, அந்தக் கை மட்டும். "யாவர்க்குமாம் உண்ணும்போது ஒரு கைப்பிடி என்கிறது திருமந்திரம். அடுத்த அடியிலேயே இன்னொன்றும் சொல்கிறது: யாவர்க்குமாம் பிறர்க்கு இன்னுரை தானே."

55ஆம் விநாடி வரை, இரண்டு உள்ளங்கை அரிசியை அள்ளுகின்றன, நான்கு முறை. "நோன்புப் பெருநாள் தொழுகைக்கு முன் முஸ்லிம்கள் வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பேரிலும் ஒரு ஸாஉ உணவு கொடுக்கிறார்கள். இரு கை சேர்த்து நான்கு அள்ளல். அன்றைய உணவு போக மிச்சம் இல்லாதவர் மேல் இந்தக் கடமை இல்லை."

75ஆம் விநாடி வரை, மூடியிருக்கும் காணிக்கைப் பை, யார் கை என்று தெரியாத ஒரு கை. "எருசலேமில் இருந்த ஏழைகளுக்காகப் பணம் சேர்த்துக்கொண்டிருந்த பவுல், கொரிந்து சபைக்கு எழுதினார்: விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே."

கடைசி 15 விநாடி, ஒரு வாசல், ஒரு பாத்திரம். "புத்த பிக்கு பாத்திரத்தோடு வந்து வாசலில் நிற்கிறார். எதுவும் கேட்பதில்லை. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அடுத்த வீட்டுக்குப் போகிறார்."

அவ்வளவுதான், திரை கறுத்துவிடும். பிக்கு அடுத்த வீட்டுக்கு நடப்பதோடு முடிப்பதில் ஒரு காரணம் இருக்கிறது. கேட்காமல் நிற்பது பிக்குகளின் ஒழுக்க விதி, அதனால் கடைசிக் காட்சியில் பார்க்கிறவரும் கேட்கப்படாமலே விடப்படுகிறார். பவுலின் வரியில் "கொடுக்கக்கடவன்" என்கிற வினை தமிழ் வேதாகமத்தில் உண்டு, நாங்கள் அதற்கு முன்பே நிறுத்திவிட்டோம், இது சரியா என்று நண்பர் தன் போதகரிடம் கேட்டுவிட்டு வந்தார், பொருள் மாறவில்லை என்றார் அவர். பித்ரா வரியையும் இதேபோல் பாய் தன் உஸ்தாத்திடம் வாசித்துக் காட்டினார், "மிச்சம்" என்கிற சொல் அவர் சொல்லித்தான் சேர்ந்தது. பெருநாள் இரவுக்கும் பகலுக்கும் தன் வீட்டாருக்கு வேண்டியது போக மீதி இருக்கிறதா என்பதுதான் அளவாம், வெறுமனே "உணவு இல்லாதவர்" என்று நாங்கள் எழுதியிருந்தது பாதிதான் சரி.

இந்த வரைவுக்கும் குறைகள் உண்டு. 90 விநாடியில் ஸகாத்தின் 85 கிராம் கணக்கு உள்ளே வரவில்லை, பித்ராவோடு நிறுத்த வேண்டியதாயிற்று. சீக்கியர்களின் லங்கர் வெளியே நின்றுவிட்டது, சாதி பார்க்காமல் எல்லாரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்துச் சோறு போடுகிற அந்த வழக்கத்துக்கு இரண்டு வரி கொடுத்தால் அவமதிப்பாகும் என்று விட்டோம், அது எனக்கு வருத்தம்தான். கண்ணீரும் வராது, அதனால் முதல் வரைவு அளவுக்கு இது பகிரப்படாது.

பணமும் வராது. இதை நான் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்னொரு குழு இதைப் படித்துவிட்டு வெள்ள நிவாரணத்துக்கு இந்தப் பாணியில் காணொளி எடுத்தால் ஏமாந்துபோவார்கள். தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது, 40 குடும்பங்களுக்குப் பாய் வேண்டும், போர்வை வேண்டும் என்றால் நேராகக் கேளுங்கள், எதற்கு, எவ்வளவு, யார் கணக்கு வைக்கிறார்கள், எப்போது முடிகிறது என்று சொல்லிக் கேளுங்கள். கேட்பது தவறில்லை. சமயத்தைப் பற்றிச் சொல்லித் தருகிறோம் என்று உட்கார வைத்துவிட்டுக் கடைசியில் கேட்பதைத்தான் நாங்கள் தவிர்க்கிறோம். அதனால்தான் முடிவில் டுயிட்நவ் கியூஆர் கட்டம் போடலாமா என்று கோயில் நிர்வாகத்தில் ஒருவர் அன்பாகக் கேட்டபோது வேண்டாம் அண்ணே என்றேன். அந்தச் சதுரம் இரண்டு விநாடி தெரிந்தாலும் அதற்கு முன்னால் இருந்த 88 விநாடியும் வசூலுக்கான முன்னுரையாகிவிடும், பவுலின் வரிகூட வேறு மாதிரி ஒலிக்கும். எங்கே கொடுப்பது என்று தானாகக் கேட்டு வருகிறவருக்குக் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் ஊரிலேயே இருக்கின்றன.

இசை பற்றியும் ஒரு வார்த்தை. மூன்றாவது வரைவுக்குப் புல்லாங்குழல் போட்டுப் பார்த்தோம், சோகம் வந்து ஒட்டிக்கொண்டது, எடுத்துவிட்டோம். உலை கொதிக்கிற சத்தம், அரிசி டப்பாவில் விழுகிற சத்தம், அது போதும். டப்பா பிளாஸ்டிக்காக இருந்தால் அந்தச் சத்தம் வராது, தகரம் வேண்டும்.

ஆறு பேருக்கும் மூன்றாவதைப் போட்டோம். என்ன செய்யச் சொல்லுது என்ற கேள்விக்கு ஐந்து பேர் ஒன்றும் சொல்லலையே என்றார்கள், ஒருவர் மட்டும் திருமந்திர வரியைத் திரும்பப் போடச் சொன்னார். சின்னம்மா கைப்பையைத் தொடவில்லை. எங்கம்மாவும் இப்படித்தான் ஒரு பிடி எடுத்து வைப்பாங்க, பிரட்டுக்குப் போகுறதுக்கு முன்னாலேயே சோறு ஆக்கிடுவாங்க, இருட்டுலயே டப்பாவைத் தடவி எடுப்பாங்க என்று அரை மணி நேரம் பேசினார். பேச்சு வாக்கில் அந்தப் பழைய மைலோ டின் இன்னும் தன் வீட்டில் இருக்கிறது, மூடி மட்டும் துருப்பிடித்துவிட்டது என்றார். வரும் சனிக்கிழமை படப்பிடிப்புக்கு அதைத்தான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.